வாங்குற ரேட்டு

கமலவேணி அன்றைக்குத் தறி ஓட்டப் போகவில்லை. காலையிலேயே தலைக்குக் குளித்து, பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, மணிபர்சுக்குள் ஆறு தங்கக் காசுகளையும் அவற்றின் பில்லையும் வைத்துக்கொண்டு எடப்பாடி கடைவீதிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் தறிப்பட்டறையின் ஓனர் பூபதி, இருக்கும் தறிகளில் ஒன்றை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். எண்பதாயிரம். மொத்தமாக வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அவளுக்கு, இல்லையென்றால் ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். அந்தத் தறி உன்ற கைக்குப் பழகுனது. ஆனா வெள்ளிக்கிழமை தாண்டுனா என்னால நிறுத்தி வெக்க முடியாது" என்றார் பூபதி. பதினோரு வருஷமாக அடுத்தவர் தறியில் கூலிக்குத் துண்டு நெய்தவளுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சாய்ப்பு ஒன்று சும்மாதான் கிடந்தது. அதில் ஒரு தறி நின்றால், கூலி போக மிச்சம் என்பது அவள் கைக்கு வரும்.

காசுகள் போன வருஷம் சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியவை. ஒவ்வொன்றும் ஒரு கிராம், அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மூடியது. பிரிக்கவே இல்லை. வாங்கியபோது போர்டில் கிராம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இன்றைக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு. தினமும் காலையில் போனில் ரேட்டுப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஆறு கிராமுக்கு எண்பத்தோராயிரம். தறிக்கு எண்பது, மேலே ஆயிரம் இருந்தால் வண்டி வாடகைக்கு ஆகும். அவ்வளவுதான் கணக்கு.

புருஷன் செங்கோடன் போர்வெல் வண்டியில் டிரில்லர். அப்போது சத்தீஸ்கரில் எங்கேயோ இருந்தான். முந்தின நாள் போனில், "அப்புடியே பண்ணிக்கோ. தங்கம் ஏறித்தான் கெடக்குது" என்றிருந்தான்.

கடைக்குள் ஏசி ஓடியது. வாங்கிய கடையேதான். கவுன்ட்டரில் இருந்த பெண் அபிநயா, அன்றைக்குக் காசை விற்றவளும் அவளே. சிரித்து வரவேற்றாள். விற்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. காசுகளை வாங்கிக்கொண்டு போய் எடை போட்டு, கால்குலேட்டரைத் தட்டி, தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

எழுபத்தேழாயிரத்து எழுநூற்று அறுபது.

கமலவேணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இதென்னங்க கம்மியா இருக்குது? கிராம் பதிமூணாயிரத்தி ஐநூறுன்னு வெளிய போட்டிருக்கறீங்களே."

"அது நாங்க விக்கிற ரேட்டுங்க்கா. வாங்குற ரேட்டு வேற. கழிவு நாலு பர்சன்ட் போகும்."

"என்ன கழிவு?"

"பழைய தங்கம்னா உருக்கணும், சுத்தம் பண்ணணும், அதுல சேதாரம் ஆகும். எல்லாக் கடைலயும் இப்படித்தாங்க்கா."

"வாங்குறப்ப இதைச் சொல்லலையே."

அபிநயா பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

கமலவேணி பில்லை எடுத்து விரித்தாள். அன்றைக்கு அவள் கொடுத்தது எழுபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். தங்கத்தின் விலை எழுபத்தையாயிரம். அதற்குமேல் செய்கூலி என்று நூற்றுக்கு மூன்று. இரண்டையும் சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டி இன்னொரு மூன்று. அன்றைக்கு அந்த எழுத்துகளை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கம் எங்கே போய்விடும், கையில்தானே இருக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் தங்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. வாங்கிய நிமிஷமே அது போயிற்று. மேலே இந்தக் கழிவு. கிராமுக்கு ஆயிரம் ரூபாய் ஏறியும், போட்ட காசைவிட ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ஏறாமல் இருந்திருந்தால்? இறங்கியிருந்தால்?

அவள் வெளியே வந்து செங்கோடனுக்குப் போன் போட்டாள். பின்னால் டிரில்லிங் சத்தம். அவன் கத்திக் கத்திப் பேசினான்.

"போனாப் போவுது புள்ள, குடுத்துட்டு வந்துரு. கொறையறதுக்கு எங்கயாச்சும் கைமாத்து வாங்கிக்கலாம். தறி கையை விட்டுப் போயிரும்."

"போனாப் போவுதுன்னு எப்புடிங்க சொல்றது? ரெண்டாயிரம் ரூவா என்ற ஒரு வாரத்துக் கூலி."

"கடைக்காரங்ககிட்ட நம்மளால சண்டை போட முடியுமா? அவுங்க வெச்சதுதான் ரேட்டு."

அவள் போனை வைத்தாள். பக்கத்தில் இன்னொரு கடை. அங்கே காசைப் பார்த்துவிட்டு, "எங்க கடைக் காசு இல்லீங்கம்மா, ஆறு பர்சன்ட் கழிப்போம்" என்றார்கள். அவள் திரும்பி முதல் கடைக்கே வந்தாள். இந்த முறை உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளைக் கவனித்தாள். ஐம்பது வயது இருக்கும். கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் முடிந்த பணத்தோடு வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பெயர் சௌந்திரம். அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சீர் வைக்க எட்டுக் காசு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கமலவேணியிடம் இருப்பதேதான், அதே அட்டை, அதே பிளாஸ்டிக், அதே கடைமுத்திரை. இன்னொரு விற்பனைப் பெண் தட்டில் காசுகளைப் பரப்பி வைத்துவிட்டுக் கணக்குச் சொன்னாள்.

"ஒரு காசு பதிமூணாயிரத்தி ஐநூறுங்க. செய்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து ஒண்ணுக்குப் பதினாலாயிரத்தி முந்நூத்தி இருபத்திரண்டு ரூபா வருதுங்க."

"ஏனுங்க, ஒரு காசுக்கு எண்ணூறு ரூவாய்க்கு மேலயா செய்கூலியும் வரியும்? காசுல என்ன வேலைப்பாடு இருக்குது? வளையலா, நெக்லஸா?" என்றார் சௌந்திரம்.

"கம்பெனி அப்புடித்தாங்க போடுது."

கமலவேணி தன் காசுகளைப் பார்த்தாள். அந்தத் தட்டில் கிடப்பவற்றைப் பார்த்தாள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். ஆறு காசுக்கு அந்த அம்மாள் கொடுக்கப்போவது கிட்டத்தட்ட எண்பத்தாறாயிரம். அதே ஆறு காசுக்குத் தனக்குக் கிடைப்பது எழுபத்தேழே முக்கால். ஒரே மேஜை. கைக்கெட்டும் தூரம். நடுவில் எட்டாயிரம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது கோபத்தில் வந்த சிரிப்பு.

"அக்கா" என்றாள். "நீங்க அதை வாங்க வேண்டாங்க. என்றகிட்ட ஆறு இருக்குதுங்க. இதே கடை, பில்லும் இருக்குது. நான் இதை விக்கத்தான் வந்தேன். இவுங்க எனக்கு ஒரு காசுக்குப் பதிமூணாயிரத்துக்கும் கீழதான் தர்றாங்க. உங்ககிட்டப் பதினாலாயிரத்துக்கு மேல கேக்கறாங்க. நம்ம ரெண்டு பேரும் நேரா முடிச்சுக்கலாமுங்க."

அபிநயாவின் கை கால்குலேட்டரின் மேல் அப்படியே நின்றது.

சௌந்திரம் சட்டென்று நம்புகிற ஆள் அல்ல. கமலவேணியை மேலும் கீழும் பார்த்தார். "எப்புடி அம்மணி நம்பறது? நீ போலிக் காசைக் கொண்டாந்து என்ற தலைல கட்டிப்போட்டா?"

"கேளுங்க, இதோ பில்லு. கடைக்காரங்களே சொல்லட்டும்."

உள்ளறையிலிருந்து கடை முதலாளி சந்திரசேகர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கோடு. சத்தம் போடுகிற மனிதர் அல்ல. ஆனால் முகம் இறுகியிருந்தது.

"என்னம்மா இது? கடைக்குள்ள உக்காந்து என் கஸ்டமர்கிட்ட வியாபாரம் பேசறீங்க?"

கமலவேணி எழுந்து நின்றாள்.

"பேசறது தப்புன்னா வெளிய போய் பேசிக்கறேனுங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இது உங்க கடைக் காசுதானுங்களே?"

அவர் காசுகளைப் பார்த்தார். அவருடைய கடை முத்திரை நேராக அவரைப் பார்த்தது. "ஆமா."

"சுத்தமான தங்கந்தானுங்களே? 916 தானே?"

"எங்க கடையில அதுக்குக் கீழ கிடையாது."

"அப்ப இதை நீங்க உருக்கப் போறீங்களா? இல்ல, அந்தத் தட்டுல போட்டு இந்த அக்காவுக்கே குடுக்கப் போறீங்களா?"

சந்திரசேகர் ஒரு அட்டையை எடுத்துப் புரட்டினார். காசு போலி என்றால் தன் கடைப் பெயர் போகும். அசல் என்றால் அந்தப் பெண்களின் வியாபாரத்துக்கு அவரே சாட்சி. உருக்குவோம் என்று சொன்னால், பிரிக்காத அட்டையை எதற்கு உருக்குவீர்கள் என்று சௌந்திரம் கேட்பார். கவுன்ட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் அவர், குரலை இறக்கி. "நான் ஏமாத்தறேன்னு நீங்க நெனைக்கிறீங்க. ஜிஎஸ்டி என் பாக்கெட்டுக்கு வரதில்ல, கவர்மென்டுக்குப் போகுது. இந்தக் கட்டடத்துக்கு வாடகை, இத்தனை பேருக்குச் சம்பளம். நாளைக்குக் காலைல ரேட்டு முந்நூறு ரூபா எறங்கினா இன்னிக்கு உங்ககிட்ட வாங்கினது என் தலைல விழும். அதுக்குத்தான் அந்த நாலு. வேணும்னா இப்புடிப் பண்ணுங்க. பணமா வாங்காதீங்க, நகையா எடுத்துக்கங்க. முழு போர்டு ரேட்டு போட்டுத் தரேன். ஒரு பைசா கழிக்க மாட்டேன்."

"நகைக்குச் சேதாரம், செய்கூலி போடுவீங்களா?"

"அது வழக்கமா உண்டுதானேம்மா. பத்துலேர்ந்து பன்னண்டு பர்சன்ட்."

"அதுக்கும் மேல ஜிஎஸ்டி. மறுபடியும் அதை விக்க வந்தா மறுபடியும் கழிவு." கமலவேணி காசுகளை ஒவ்வொன்றாகப் பர்சுக்குள் எடுத்து வைத்தாள். "உங்களுக்கு வாடகை இருக்குதுங்க, நான் இல்லேங்கல. வேணுங்கறதை எடுத்துக்கங்க. ஆனா வாசல்ல விக்கிற ரேட்டை லைட்டு போட்டு எழுதி வெக்கிறீங்களே, வாங்குற ரேட்டை எங்கயும் எழுதலையே? ரெண்டையும் பக்கத்துல எழுதிருந்தா நான் அன்னிக்கே யோசிச்சிருப்பேனுங்க. எனக்குத் தெரியாம வெச்சதுதான் கோவம்."

அவர் வாசலைக் கை காட்டினார். கோபமாகக்கூட அல்ல, அலுப்பாக. "போய்ட்டு வாங்கம்மா."

கமலவேணி வெளியே வந்து படியில் நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. முட்டாள்தனம் பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது. எழுபத்தேழாயிரமும் இல்லை, தறியும் இல்லை. மறுபடி அந்தப் படியேறி அதே தாளுக்குக் கை நீட்ட முடியாது.

கண்ணாடிக் கதவு திறந்தது. சௌந்திரம் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டெஸ்ட் பண்ற எடம் எங்க இருக்குது?" என்றார்.

கடைவீதியின் பின்சந்தில் கந்தப்பன் வைத்திருந்த ஆய்வுக்கூடம் ஒரு பீரோ அளவு அறைதான். நகைக்கடைக்காரர்களுக்கே தங்கத்தின் தரம் பார்த்துச் சொல்வது அவர் தொழில். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அட்டையைப் பிரிக்க வேண்டும் என்றார். கமலவேணி பிரிக்கச் சொன்னாள். சௌந்திரம், "ஒண்ணை மட்டும் பிரிங்க, சீர்த் தட்டுல வெக்கிறதுக்கு அட்டையோட இருந்தாத்தான் அழகு" என்றார். கந்தப்பன் பிரித்த காசை மிஷினுக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் வந்தது. தொண்ணூற்றொன்று புள்ளி ஏழு; 916-க்குக் குறைவில்லை. தராசில் மற்ற ஐந்தையும் அட்டையோடு வைத்து ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்தார். பிரித்தது சரியாக ஒரு கிராம் இருந்தது.

"நல்ல காசுங்க" என்றார். கூலியாகச் சின்னத் தொகை கேட்டார். இருவரும் பாதிப்பாதி கொடுத்தார்கள்.

விலை பேசுவதற்கு எதிரே இருந்த பேக்கரிக்குப் போனார்கள். ஆளுக்கொரு டீ. பருத்தி ஏலத்தில் இருபது வருஷம் நின்ற சௌந்திரத்துக்கு விலை பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"போர்டு ரேட்டு, எம்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல அம்மணி."

"அக்கா, நீங்க கடைல எம்பத்தாறு குடுக்கத்தானே பணம் எடுத்துட்டு வந்தீங்க? எம்பத்திமூணு குடுங்க. மூவாயிரம் உங்களுக்கு மிச்சம்."

"ஒரு காசைப் பிரிச்சுட்டோமே. அதை யாரு அட்டைல ஒட்டறது?"

"பிரிச்சது உங்க சந்தேகத்துக்குத்தானுங்களே."

சௌந்திரம் டீயை ஆற்றினார். குடித்தார். உதட்டைத் துடைத்தார். "எம்பத்திரெண்டு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

கமலவேணிக்கு அது போதும். தறியும் வரும், வண்டி வாடகையும் வரும். போட்ட காசுக்கு மேலே இரண்டாயிரத்துச் சொச்சம் நிற்கும். ஒரு வருஷம் பூட்டி வைத்ததற்கு அது பெரிய லாபம் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. வாங்கும்போது விட்டது விட்டதுதான். ஆனால் விற்கும்போது விடவில்லை.

ஏலப்பணம் பேங்கில் ஏறியிருந்ததால் சௌந்திரம் போனிலிருந்தே அனுப்பலாம். பேக்கரிக்காரர் மகனிடம் சரிபார்த்துப் பணம் அனுப்பினார். கமலவேணியின் போன் கிணுங்கியது. அவள் தன் பில்லின் பின்புறம், இந்தக் காசுகளை இன்னாருக்கு இந்தத் தொகைக்குக் கொடுத்தேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்து நீட்டினாள். சௌந்திரம் அதைப் பர்சில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு காசு வேணுமே எனக்கு" என்றார் எழுந்தபடி. "வா, அந்தக் கடைக்கே போலாம்."

"நானுங்களா? என்னை உள்ள விடுவாங்களா?"

"நான் கூட்டிட்டு வாரேன், வா."

இருவரும் மறுபடியும் உள்ளே போனபோது அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள். சௌந்திரம் நாற்காலியில் அமர்ந்து, உள்ளறைக் கதவு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரெண்டு காசு வேணுங்க. செய்கூலி இல்லாமப் போட்டா இங்க எடுக்கறேன். இல்லீனா சேலத்துலயோ ஈரோட்டுலயோ எடுத்துக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்ல, கல்யாணம் அடுத்த மாசந்தான்."

அபிநயா உள்ளே போய்த் திரும்பி வந்தாள். ரேட்டும் ஜிஎஸ்டியும் மட்டும் போட்டு இரண்டு காசுக்குப் பில் எழுதினாள். செய்கூலிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். சந்திரசேகர் வெளியே வரவில்லை.

கொங்கணாபுரம் பஸ்ஸில் சௌந்திரத்தை ஏற்றிவிட்டு, கமலவேணி பூபதியிடம் போனாள். எண்பதாயிரத்தை அனுப்பியதும் அவர் போனை இரண்டு முறை பார்த்தார். "தங்கம் நல்ல ரேட்டுக்குப் போச்சா?" என்றார்.

"நான் சொன்ன ரேட்டுக்குப் போச்சுங்க."

தறி வெள்ளிக்கிழமைக்கு முன்பே மினி லாரியில் வந்து இறங்கியது. ஃபிட்டர் மாதையன் வந்து மட்டம் பார்த்து, அடியில் கட்டை கொடுத்து, பெல்ட்டு மாட்டினார். முதல் பாவு நூலை ஏற்றி ஓட்டியபோது சாய்ப்பு முழுக்க அதிர்ந்தது. செங்கோடன் போனில் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றான். அவள் போனைத் தறிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அங்கே டிரில்லிங் சத்தம், இங்கே தறிச் சத்தம். இருவரும் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்காமலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, பட்டறையில் அவளோடு வேலை பார்த்த மயிலம்மாள் சீட்டுப் பணம் எடுத்தாள். காசு வாங்கப்போவதாகச் சொல்லி, துணைக்குக் கமலவேணியைக் கூப்பிட்டாள். கமலவேணி வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கம் வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். ஆனால் துணைக்குப் போனால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அதே கடையில் கல்யாண சீசன் கூட்டம். மயிலம்மாள் தட்டில் இருந்த காசைத் தொடப்போனாள். கமலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விற்பனைப் பெண்ணிடம் நிதானமாக, பக்கத்திலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இன்னிக்கு இதை வாங்கிட்டு நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து பணமாக் கேட்டா எவ்வளவு தருவீங்க?"

அந்தப் பெண் திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். பக்கத்தில் நெக்லஸைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு புதுப்பெண்ணின் அம்மா நெக்லஸை மேஜைமேல் வைத்தார். அவருக்கு அடுத்திருந்தவரும் கையிலிருந்த வளையலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆமா, அதையும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "இதுக்கும் சேத்துச் சொல்லுங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. சந்திரசேகர் கமலவேணியைப் பார்த்தார். பிறகு காத்திருக்கும் முகங்களைப் பார்த்தார். மேஜை டிராயரை இழுத்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். வாங்குற ரேட்டை எழுதத் தொடங்கும் முன் பேனாவை இரண்டு முறை உதறினார்.